18 மில்லிமீட்டர் பின்

எண்பதுகளில் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு கைக்கடிகாரம்தான் இருந்தது. அது அப்பாவின் கையில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்தது எச்.எம்.டி. ஜனதா. தினமும் காலையில் காபி குடித்ததும் அப்பா அதற்குச் சாவி கொடுப்பார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய தொழிற்சாலைதான் நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போடுவது, முதல் சம்பளத்தில் வாங்குவது, பணி ஓய்வின்போது அலுவலகத்தில் கட்டிவிடுவது எல்லாமே அநேகமாக எச்.எம்.டி.தான். பிறகு டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்ப ஆரம்பித்தது. அதன் பிறகுதான் ஒரே வீட்டில் இரண்டாவது கடிகாரம், மூன்றாவது கடிகாரம் என்று வரத் தொடங்கின.

ஒரே கடிகாரம் என்பதால் அது கையை விட்டு நழுவினால் வீடே கலங்கிப்போகும். இயந்திரம் பழுதாகி நிற்பது அபூர்வம். அடிக்கடி நடந்தது வேறு. ஸ்ட்ராப்பைக் கேஸோடு பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னப் பின் கழன்றுவிடும். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, முழுக்கைச் சட்டையை மடித்துவிடும்போது, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது, ஸ்ட்ராப்பின் ஒரு முனை சட்டென்று விட்டுக்கொள்ளும். கடிகாரம் மறுமுனையில் தொங்கும். அதிர்ஷ்டம் இல்லையென்றால் தரையில் விழுந்து கண்ணாடி போகும்.

அப்பாவுக்கு ஒருமுறை மந்தைவெளி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது அப்படி ஆனது. கடிகாரம் சட்டைக் கையில் சிக்கி நின்றதால் பிழைத்தது. அன்று மாலையே என்னையும் அழைத்துக்கொண்டு, கடிகாரம் பழுதுபார்க்கும் பாய் கடைக்குப் போனார்.

கடை என்று சொன்னாலும் அது ஒரு மேஜைதான். மருந்துக் கடையின் படிக்கட்டை ஒட்டி, முன்பக்கம் கண்ணாடி பதித்த மரப்பெட்டி. அதன் மேல் வளைகழுத்து விளக்கு. ஓரத்தில் ஒயிட் பெட்ரோல் ஊற்றிய சின்னக் கிண்ணம். பின்களைப் போட்டு வைக்கும் மாத்திரை டப்பாக்கள். பாய் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு குனிந்துவிட்டால், பக்கத்தில் மேளம் அடித்தாலும் நிமிர மாட்டார். எங்கள் முறை வந்ததும் அப்பா கடிகாரத்தை நீட்டினார். பாய் அதை வாங்குவதற்கு முன்பே கேட்டார்.

"கழண்ட பின்னு எங்க சார்? கொண்டு வந்தீங்களா, விழுந்துடுச்சா?"

அப்பா சட்டைப்பையிலிருந்து தாளில் மடித்து வைத்திருந்த பின்னை எடுத்துக் கொடுத்தார். பாய்க்கு முகம் மலர்ந்தது. "இது இருந்தா போதும் சார். ஏன் கழண்டுச்சுன்னு இதுவே சொல்லிடும்."

பாய் அன்று அந்தப் பின்னில் என்னவெல்லாம் பார்த்தார் என்பது என் மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. பிற்காலத்தில் இந்த வேலையை நானும் கைப்பழக்கமாகச் செய்யத் தொடங்கியபோது, அவர் பார்த்த ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கியது.

அந்தப் பின் வெறும் கம்பித் துண்டு அல்ல. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய எஃகுக் குழாய். உள்ளே ஒரு சுருள் வில். குழாயின் இரண்டு வாயிலும் ஒவ்வொரு ஊசிமுனை. முனை முக்கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பருமன் இருக்கும். வில் இரண்டு முனைகளையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். முற்றிலும் வெளியே வந்துவிடாதபடி குழாயின் வாய் நெரிக்கப்பட்டிருக்கும். கடிகாரக் கேஸிலிருந்து மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன இல்லையா, கடைக்காரர்கள் அவற்றை லக் என்பார்கள். லக்கின் உட்புறத்தில் ஊசிமுனை நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் குழி இருக்கும். ஸ்ட்ராப்பின் தலையில் தோலை மடித்து ஒட்டிய துளைக்குள் குழாய் படுத்திருக்க, இரண்டு முனைகளும் இரண்டு லக் குழிகளில் போய் உட்காரும். திருகு கிடையாது, பசை கிடையாது. ஒரு வில்லின் தள்ளலும், குழிக்குள் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ நுழைந்திருக்கும் இரண்டு முனைகளும்தான் மொத்தக் கடிகாரத்தையும் கையில் வைத்திருக்கின்றன.

முதலாம் உலகப்போர் காலத்துக் கைக்கடிகாரங்களில் இந்த வில் பின் இல்லை. லக்குகளுக்கு நடுவே கம்பியை நேராகப் பற்றவைத்துவிடுவார்கள். அது கழலவே கழலாது. ஆனால் ஸ்ட்ராப்பை மாற்றவேண்டுமானால் தோலைக் கம்பியைச் சுற்றி மடித்து அங்கேயே தைக்க வேண்டும். வில் பின் வந்த பிறகு ஸ்ட்ராப் மாற்றுவது நிமிட வேலையாகிவிட்டது. அந்த வசதிக்கு ஈடாக, கழலக்கூடிய ஒரு மூட்டும் கூடவே வந்தது.

பாய் பின்னை எடுத்து முதலில் இரண்டு முனைகளையும் மாறி மாறி நகத்தால் அழுத்தினார். ஒரு முனை உள்ளே போய் டக்கென்று திரும்பியது. மற்றது உள்ளே போனது, வரவில்லை. ஊசியால் நெம்பித்தான் வெளியே இழுக்க முடிந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். குழாயின் வாயைச் சுற்றிச் சிவப்பாகத் துரு பொரிந்திருந்தது.

"வேர்வை தம்பி. உப்பு. நம்ம ஊர்ல வருஷத்துல பத்து மாசம் கை காயுறதே இல்ல. தோலு வேர்வையைக் குடிச்சுக் குடிச்சுப் பின்னுக்கு ஊட்டிட்டே இருக்கும். இது நிக்கல் பூசின இரும்பு. பூச்சு போச்சுன்னா உள்ள துருதான். முனை உள்ளயே ஒட்டிக்கிச்சு. அப்புறம் எப்படிக் குழியில நிக்கும்?"

துருப்பிடித்த முனை அப்படித்தான் ஏமாற்றும். வெளியே பார்த்தால் ஸ்ட்ராப் இருக்கிறது, பின் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் தெரியும். வில்லின் பலம் துருவை மீற முடியாமல் முனை பாதி வழியிலேயே நிற்கும். கையை வேகமாகத் திருப்பும் ஒரு கணம் போதும்.

அதற்குப் பிறகு பாய் செய்ததைத்தான் இன்றைக்குப் பலரும் செய்வதில்லை. பின் துருப்பிடித்திருக்கிறது என்று தெரிந்த பின்பும் அவர் உடனே புதிய பின்னைப் போடவில்லை. ஒயிட் பெட்ரோலில் தோய்த்த குச்சியால் லக் குழிகளைச் சுத்தம் செய்தார். வருஷக்கணக்காகச் சேர்ந்த அழுக்கு கறுப்பாக வந்தது. குழியில் அழுக்கு அடைத்திருந்தால் நல்ல பின்னின் முனைகூடப் பாதி ஆழத்தில்தான் நிற்கும். சுத்தம் செய்த குழியை லென்ஸால் பார்த்தார். வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் தேய்ந்து நீளவட்டமாகிவிட்டதா என்பது அவர் கவலை. அப்பாவின் ஜனதா, பித்தளைக் கேஸில் குரோம் பூசியது. எஃகு முனை ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி உரசினால் தேய்வது பித்தளைதான். "இன்னும் வட்டமாத்தான் இருக்கு சார். காப்பாத்திட்டோம்" என்றார். பிறகுதான் டப்பாவைத் திறந்து, நாலைந்து பின்களை லக்குகளுக்கு நடுவே பிடித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் புதியதாகவே போட்டார். ஒரு பின் துருப்பிடித்திருந்தால் அதே வயதுள்ள மற்றதும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கும் என்பது அவர் கணக்கு. பின்னுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒன்றிரண்டு ரூபாய் வாங்கியிருப்பார்.

அந்த மேஜை இப்போது இல்லை. கிரீன்வேஸ் சாலையில் பறக்கும் ரயில் நிலையம் வந்தது. மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு வழியாக மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டினார்கள். தனி வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட இடம் கொடுக்கும் கடையும் குறைந்துவிட்டது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. அப்பாவின் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இப்போது கட்டிக்கொண்டிருப்பவள் என் தம்பி மகள். கல்லூரியில் படிக்கிறாள். தாத்தாவின் கடிகாரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனாள்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவள் கடிகாரத்தைக் கையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, ஸ்டேஷன் படியில இறங்கும்போது கழண்டுடுச்சு. போன வாரம்தான் புது ஸ்ட்ராப் போட்டேன். நல்லவேளை, கீழ விழல."

"பின்னு எங்கம்மா?"

"இதோ. ஸ்ட்ராப்புக்குள்ளயே இருக்கு."

பாய் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டேன் என்று அப்புறம் தோன்றியது. அவள் இணையத்தில் பழுப்பு நிறத் தோல் ஸ்ட்ராப் ஒன்று வாங்கியிருக்கிறாள். ஒரு வணிக வளாகத்தில் கடிகார பேட்டரி மாற்றும் கவுண்டரில் கொடுத்துப் பொருத்திக்கொண்டாள். ஸ்ட்ராப்போடு இரண்டு பின்களும் பெட்டியிலேயே வந்திருக்கின்றன. கவுண்டரில் இருந்த பையன் அவற்றைத்தான் போட்டிருக்கிறான். பளபளவென்று துருவே இல்லாத புதுப் பின். இரண்டு முனைகளையும் அழுத்திப் பார்த்தேன். இரண்டும் துள்ளித் திரும்பின. பின் நன்றாக இருக்கிறது. பின் ஏன் கழன்றது?

வெர்னியரை எடுத்து அளந்தோம். ஜனதாவின் லக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 18 மில்லிமீட்டர். புது ஸ்ட்ராப்பின் தலை அகலம் 16. அதாவது ஸ்ட்ராப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெற்றிடம். பெட்டியில் வந்த பின்னும் 16 மில்லிமீட்டர் லக்குக்கானது. பின்னின் அளவு என்று கடையில் சொல்வது அது பொருந்தும் லக் இடைவெளியைத்தான். முனையோடு முனை அளந்தால் எண் அதைவிடக் கூடுதலாக வரும். அந்தப் பின் முழுவதும் விரிந்த நிலையில் 18.6 மில்லிமீட்டர் இருந்தது.

அவளே கணக்குப் போட்டாள். 18.6-லிருந்து 18-ஐக் கழித்தால் 0.6. இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர். நாலைந்து தலைமுடியை அடுக்கிய கனம்தான் குழிக்குள் நுழைந்து கடிகாரத்தைப் பிடித்திருந்தது. முனைகள் ஏற்கெனவே முழுக்க வெளியே வந்துவிட்டதால் வில்லுக்கு மேலும் தள்ள வழியில்லை. பின் ஒரு பக்கமாக 0.3 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக நகர்ந்தால் மறுபக்க முனை குழியை விட்டு வெளியே வந்துவிடும். ஸ்ட்ராப்போ இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் ஆட இடமுள்ள ஸ்ட்ராப். அது ஒருபக்கம் நகர்ந்தால் பின்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஒரு வாரம் தாங்கியதே அதிகம்.

மாட்டும்போது டிக் என்று சத்தம் கேட்டிருக்கும். அந்தப் பையன் அந்தச் சத்தத்தை நம்பிவிட்டான். முனை குழிக்குள் விழுந்தது என்பதைத்தான் சத்தம் சொல்லும். எவ்வளவு ஆழம் விழுந்தது என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. ஸ்ட்ராப்பை மாட்டியபின், கருவியின் நுனியால் பின்னின் குழாயை ஒரு லக்கை நோக்கி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சரியான பின் என்றால் நகராது, அல்லது முடியளவு நகர்ந்து வில்லால் திரும்பிவிடும். குட்டையான பின் என்றால் மறுமுனை கண் முன்னாலேயே குழியை விட்டு வெளியே வரும். ஜனதாவின் மறுபக்கத்தில் இன்னும் கழலாமல் இருந்த பின்னைத் தள்ளினோம். அதுவும் வெளியே வந்துவிட்டது. அவள் முகம் வெளிறிவிட்டது. தாத்தாவின் கடிகாரம் இரண்டு பக்கமும் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் என் மனதை உறுத்துகிறது. பாய் காலத்தில் மாத்திரை டப்பாவில் கிடந்த கைப்பிடிப் பின்களில் தேடித்தான் ஒன்றை எடுக்க வேண்டும். அதுவும் சில சமயம் கிடைக்காது. பாரிமுனைக்குப் போய் வாங்கி வரும்வரை கடிகாரம் அவரிடமே இருக்கும். இன்று 8 மில்லிமீட்டரிலிருந்து 25 வரை எல்லா அளவிலும், தனித்தனி அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில், நூற்றுக்கணக்கான துருப்பிடிக்காத எஃகுப் பின்கள், ஒரு கருவியோடு சேர்த்து, வாசலுக்கே வருகின்றன. சினிமாவுக்குப் போகும் செலவுதான் ஆகும். ஆனால் பின்னைப் போடுவதற்கு முன் குழியைப் பார்க்கும் கண் அருகிப்போய்விட்டது. பொருள் எட்டாத காலத்தில் அறிவு தெருமுனையில் உட்கார்ந்திருந்தது. பொருள் வாசலுக்கு வரும் காலத்தில் அந்த மேஜையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்று வியப்பாக இருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் அந்தப் பின் மாறவில்லை. நேற்று வாங்கிய பெட்டியிலிருந்து 18 மில்லிமீட்டர் பின்னை எடுத்தால், மூடிவிட்ட தொழிற்சாலை பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த கேஸில் அப்படியே உட்காருகிறது. ஸ்மார்ட் வாட்சுகளில்கூடப் பல, 20 அல்லது 22 மில்லிமீட்டர் இடைவெளியும் இதே வில் பின்னும்தான்.

அன்று என்னிடமிருந்த அப்படியொரு பெட்டியிலிருந்து 18 மில்லிமீட்டர் பின் இரண்டை எடுத்தேன். முழுக்க விரிந்த நிலையில் 20.5. கழித்துப் பார்த்தால் பக்கத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வரை நீள முடியும். குழியின் ஆழம் அதைவிடக் குறைவு. ஆகவே முனை குழியின் அடியைத் தொட்டு நிற்கும், வில்லுக்கும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த மிச்ச அழுத்தம்தான் நமக்கு வேண்டியது. 16 மில்லிமீட்டர் ஸ்ட்ராப்பை ஒதுக்கிவிட்டு 18-ல் வேறொன்று வாங்கச் சொன்னேன். அது வந்ததும் அவளையே மாட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளைத் துண்டை விரித்து அதன் மேல் கடிகாரத்தைக் குப்புறப் படுக்க வைத்தாள். வெள்ளைத் துணி ஏனென்றால் பின் துள்ளி விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லக்குகளின் மேல் காகித டேப் ஒட்டினோம். கருவி வழுக்கினால் குரோமில் கீறல் விழும். பின் மாற்றும் கருவிக்கு ஒரு முனையில் பாம்பின் நாக்குப் போலப் பிளந்த கவை இருக்கும், மறுமுனையில் ஊசி. லக்கின் வெளிப்பக்கம் வரை துளை போகும் கடிகாரங்களுக்கு ஊசி போதும். வெளியிலிருந்து குத்தினால் முனை உள்ளே போய்விடும். ஜனதா போல உள்ளே மட்டும் குழியுள்ளவற்றுக்குக் கவைதான். பின்னின் முனையருகே சின்ன விளிம்பு ஒன்று இருக்கும். கழற்றும்போது கவையை லக்குக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே விட்டு அந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு, முதலில் பின்னின் நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். முனை குழியை விட்டு வந்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். தள்ளாமல் தூக்குகிறவர்கள் முனையை வளைத்துவிடுகிறார்கள். வளைந்த முனை திரும்பக் குழாய்க்குள் போகாது. அந்தப் பின்னை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது.

மாட்டும்போது பக்கம் மாறக்கூடாது. பக்கிள் உள்ள குட்டைத் துண்டு 12 மணிப் பக்கம். துளையுள்ள நீளத் துண்டு 6 மணிப் பக்கம். பின்னை ஸ்ட்ராப் துளைக்குள் நுழைத்து, ஒரு முனையை ஒரு லக் குழிக்குள் வைத்தாள். மறுமுனையின் விளிம்பைக் கவையால் அழுத்தி, லக்கின் உட்சுவரை ஒட்டியே மெதுவாக நகர்த்தினாள். குழிக்கு நேரே வந்ததும் டிக். இரண்டு பக்கமும் முடிந்ததும் குழாயைத் தள்ளிப் பார்த்தோம். எந்தப் பக்கமும் அசையவில்லை. பிறகு ஸ்ட்ராப்பைப் பிடித்து நேராக இழுத்தோம், இடம் வலமாக முறுக்கினோம். கட்டிலின் மேல் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கழன்றால் மெத்தையில் விழும்.

6 மணிப் பக்கம் மட்டும் எனக்குத் திருப்தி வரவில்லை. முறுக்கும்போது பின் லேசாகக் கடகடத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பாய் காப்பாற்றிக் கொடுத்த குழி இத்தனை ஆண்டில் கீழ்நோக்கித் தேய்ந்து நீளவட்டமாகியிருந்தது. குட்டைப் பின்னின் ஒரு வார ஆட்டம் அதை இன்னும் கெடுத்திருக்கலாம். முனை மெல்லியதாக இருந்தால் தேய்ந்த குழிக்குள் சாய்ந்து நிற்கும். சாய்ந்த முனை இழுத்தால் வழுக்கும். பெட்டியில் அதே 18 நீளத்தில் முனை மட்டும் சற்றுப் பருத்த பின்களும் இருந்தன. அதைப் போட்டதும் கடகடப்பு நின்றது. இது எல்லாக் கேஸுக்கும் செல்லாது. குழி உதடுவரை தேய்ந்து, பார்த்தாலே வாய் பிளந்து தெரிந்தால் எந்தப் பின்னும் நிற்காது. அப்போது குழியை அடைத்துப் புதிதாகத் துளையிடத் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். பசை வைத்து ஒட்டுவது அறவே கூடாது; வேர்வையில் பசை விட்டுப்போகும், விடாவிட்டால் அடுத்த முறை பின்னைக் கழற்றவே முடியாது.

தேய்ந்த கேஸைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-ல் தன் படையினருக்காகத் தரம் நிர்ணயித்த நைலான் பட்டை, இப்போது நேட்டோ ஸ்ட்ராப் என்ற பெயரில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே பட்டை; இரண்டு பின்களுக்கும் அடியில் நுழைந்து கடிகாரத்தின் முதுகு வழியாகப் போகும். ஒரு பின் கழன்றாலும் மற்றப் பின்னில் கடிகாரம் தொங்கிக்கொண்டு கையிலேயே இருக்கும். நைலான் வேர்வையில் மக்காது, சோப்புத் தண்ணீரில் அலசலாம். தம்பி மகளுக்கு அது பிடிக்கவில்லை. தாத்தா கட்டியது தோல்தான், எனக்கும் தோல்தான் என்றாள். அது அவள் உரிமை. அப்படியானால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை பின்னைக் கழற்றி, இரண்டு முனைகளையும் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். துள்ளித் திரும்பினால் இருக்கட்டும். தயங்கினால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். பெட்டியில் பின்னுக்கா பஞ்சம்?

இப்போது புதிதாக வரும் ஸ்ட்ராப்களில் பலவற்றில் பின்னோடு ஒரு குட்டி நெம்புகோல் ஒட்டியிருக்கிறது. நகத்தால் அதை ஒதுக்கினால் ஒரு முனை உள்ளே போகும், கருவியே வேண்டாம். இளைஞர்கள் புடவைக்கு ஒரு ஸ்ட்ராப், ஜீன்ஸுக்கு ஒரு ஸ்ட்ராப் என்று மாற்றுகிறார்கள். நல்ல வசதிதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தினமும் கழற்றி மாட்டினால் தினமும் முனை குழியின் விளிம்பில் உரசுகிறது. எஃகுக் கேஸ் அதைத் தாங்கும். பித்தளைக் கேஸில் குரோம் பூசிய பழைய கடிகாரங்களுக்கு அந்தப் பின்னை நான் போடமாட்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ ஒரு எச்.எம்.டி. படுத்திருக்கலாம். அதற்கு ஸ்ட்ராப் வாங்கும் முன் லக் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். வெர்னியர் இல்லையென்றால் பள்ளிப் பிள்ளையின் ஸ்கேலே போதும். ஸ்ட்ராப் பெட்டியில் வந்த பின்னை அளக்காமல் போடவிடாதீர்கள். ஏற்கெனவே ஒரு பின் கழன்று விழுந்திருந்தால் அதைத் தேடி எடுத்துத் தாளில் மடித்து வையுங்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடிகாரத்தோடு அந்தப் பின்னையும் அவர்களிடம் கொடுத்து, குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.